கண் மூடிய சித்தப்பா: முகம் மாற்றும்போது தோல் நிறத்தைக் கர்வ்ஸில் பொருத்தும் முறை

கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்களுக்கு மாதம் ஒரு முறையாவது இந்த வேலை வரும். மேடையில் இருபது பேர் நிற்கும் குரூப் போட்டோ. எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், ஒருவர் மட்டும் கண்ணை மூடிவிட்டார். "அண்ணே, சித்தப்பா முகத்தை மட்டும் வேற போட்டோலருந்து எடுத்து வச்சிருங்கண்ணே" என்பார்கள். வெட்டி ஒட்டுவது ஐந்து நிமிட வேலைதான். ஒட்டிய பிறகு அந்த முகம் மேடையில் நிற்பவருடையதாகத் தெரியாது. வேறு ஊரிலிருந்து வந்து எட்டிப் பார்ப்பது போல இருக்கும். நேரம் போவது அதைச் சரிசெய்வதில்தான்.

என் கைக்கு வந்த ஒரு படத்தை வைத்தே முழுவதையும் சொல்கிறேன். ஃபோட்டோஷாப்பில் செய்தது. கர்வ்ஸ் இருக்கும் எந்த மென்பொருளிலும் கணக்கு இதேதான், பட்டன்கள் மட்டும் இடம் மாறும்.

ஒட்ட வேண்டிய இடம் மாலை வரவேற்பு மேடை. மஞ்சள் ஃபோகஸ் விளக்குகள், கேமரா அந்த மஞ்சளைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது, ஆனால் முழுவதும் போகவில்லை. எடுக்கும் முகம் அன்று காலை மண்டப வாசலில், பந்தல் நிழலில் எடுத்தது. நிழலுக்குள் வரும் வெளிச்சம் பெரும்பாலும் வானத்திலிருந்து வருவதால் அதில் நீலம் தூக்கலாக இருக்கும். வண்ண வெப்பநிலைக் கணக்கில் நிழல் ஏறக்குறைய 7000 கெல்வின், ஹாலஜன் விளக்கு 3200 கெல்வின். இரண்டு படத்திலும் முகம் அவருடையதுதான். தோல் மாறவில்லை, அதன் மேல் விழுந்த வெளிச்சம்தான் மாறியிருக்கிறது. அந்த வெளிச்சத்தின் வித்தியாசத்தை அளந்து ஈடுசெய்வதுதான் மொத்த வேலையும்.

ஏன் கர்வ்ஸ்

பலர் முதலில் Color Balance பக்கம் போவார்கள், அல்லது மஞ்சள் ஃபில்டர் ஒன்றைப் போடுவார்கள். கன்னம் சரியாகும், தாடைக்குக் கீழே நிழல் செம்பாகிவிடும். நிழலைச் சரிசெய்தால் நெற்றி கெடும். காரணம், வெளிச்சம் மாறும்போது முகத்தின் எல்லாப் பகுதியும் ஒரே அளவில் மாறுவதில்லை. நெற்றியில் விளக்கு நேராக விழுகிறது. தாடைக்குக் கீழே சட்டையிலும் தரையிலும் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் போகிறது. வெளிச்சமான இடத்துக்கு ஒரு திருத்தம், நடுவுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று தனித்தனியாக, அதுவும் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் தர வேண்டும். அதைத் துல்லியமான எண்களோடு தர கர்வ்ஸைப் போல எளிய வழி எனக்குத் தெரியவில்லை. Match Color என்ற கட்டளை இருக்கிறது. தனியாக இடம் தேர்ந்தெடுத்துக் காட்டாவிட்டால் அது முழுப் படத்தின் சராசரியைப் பார்த்து வேலை செய்வதால் பின்னால் தொங்கும் ஊதா நிறத் துணியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

ஒட்டும் முன்

கணினியில் Night light ஓடுகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். ஒரு சீசனில் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து ஒரு முகத்தைச் சரிசெய்தேன். காலையில் பார்த்தால் முகம் நீலம் பாய்ந்து கிடந்தது. மாலையிலேயே திரையைத் தானாக மஞ்சளாக்கும் அந்த வசதியை நான் அணைக்கவில்லை.

அடுத்து, இரண்டு படமும் ஒரே கலர் ப்ரொஃபைலில் இருக்க வேண்டும். ஒன்று sRGB, மற்றது Adobe RGB என்று இருந்தால் Edit மெனுவில் Convert to Profile கொடுத்து ஒன்றாக்குங்கள். அருகிலேயே இருக்கும் Assign Profile வேண்டாம். அது எண்களை அப்படியே வைத்துவிட்டு அவற்றுக்கான பொருளை மட்டும் மாற்றுவதால் நிறம் தாவும். காலைப் படத்துக்கு ரா ஃபைல் கையில் இருந்தால் அங்கேயே வெப்பநிலையை மேடைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்துவிடலாம், கர்வ்ஸுக்குப் பாரம் குறையும். எனக்கு வந்தது இரண்டுமே ஜேபெக்.

முகத்தைத் தனி லேயராக மேடைப் படத்தில் வையுங்கள். Opacity-ஐ 50 சதவீதமாக்கி, `Ctrl + T` கொடுத்து, இரண்டு கண்ணும் வாயும் கீழே இருக்கும் முகத்தோடு பொருந்தும் வரை அளவையும் சாய்வையும் மாற்றுங்கள். பொருந்தியதும் Opacity மறுபடி 100. ஓரத்தை இப்போதைக்குக் குத்துமதிப்பாக வெட்டினால் போதும். நிறம் சரியாகும் முன் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பது வீண். நிறம் பொருந்திவிட்டால் ஓரம் பாதி தானாகவே மறைந்துவிடும்.

மூன்று புள்ளிகளும் ஒரு வெள்ளையும்

கண் மூடியிருந்தாலும், மேடையில் அவர் முகம் படத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதே ஆள், அதே விளக்கு, அதே நெற்றி. இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. ஆனாலும் பலர் பக்கத்தில் நிற்கும் மாமாவின் கன்னத்தைப் பார்த்து நிறம் பிடிக்கிறார்கள். மாமா வேறு நிறம்!

இடங்களைத் தேர்வதில்தான் பொறுமை வேண்டும். நெற்றியில் வெளிச்சமான இடம் ஒன்று, ஆனால் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கும் இடம் கூடாது. பளபளப்பில் தெரிவது தோலின் நிறமே இல்லை, விளக்கின் நிறம். கன்னத்தில் நடுத்தர வெளிச்சம் உள்ள இடம் ஒன்று. தாடைக்குக் கீழே நிழலில் ஒன்று. விபூதி, சந்தனம், குங்குமம், மழித்த தாடியின் பச்சை நிழல் எல்லாவற்றிலிருந்தும் விலகி நில்லுங்கள். மணப்பெண் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: காலையில் ஒரு மேக்கப், மாலையில் ஒரு மேக்கப் என்றால் முகத்தோடு முகத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. கழுத்துக்குக் கீழே அல்லது முன்கையில் அளவு எடுங்கள்.

Color Sampler கருவியை எடுத்து, மேலே Sample Size-இல் 31 by 31 Average வையுங்கள். ஒற்றைப் பிக்சலில் அளந்தால் ஒரு மயிர்க்கால் கூடக் கணக்கைக் கெடுத்துவிடும். முகம் படத்தில் சிறியதாக இருந்தால் 11 by 11 போதும். மூன்று இடத்திலும் ஒவ்வொரு கிளிக். இந்தப் புள்ளிகள் லேயரோடு ஒட்டாமல் படத்தின் அதே இடத்திலேயே நிற்கும். அதனால் ஒட்டிய லேயரின் கண் குறியை அணைத்தால் Info பலகையில் மேடை முகத்தின் எண்கள், ஏற்றினால் காலை முகத்தின் எண்கள். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவதாக ஒரு வெள்ளை. சித்தப்பா காலையிலும் மாலையிலும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். இரண்டு படத்திலும் சட்டையில் நன்றாக வெளிச்சம் விழும், ஆனால் வெளுத்துப்போகாத இடத்தில் அளந்தேன். சட்டை மாறியிருந்தால் நரைமுடி உதவும். எனக்குக் கிடைத்த எண்கள் இவை:

```
            காலை (R G B)     மேடை (R G B)
நெற்றி      205 172 158      226 170 122
கன்னம்      158 119 104      181 117  72
தாடை நிழல்   84  62  58       78  44  27
சட்டை       240 240 243      246 221 190
```

கர்வ்ஸைத் தொடும் முன் இதை ஒரு நிமிடம் படித்துப் பாருங்கள். நீலம் எல்லா இடத்திலும் இறங்குகிறது, அது மேடையின் மஞ்சள். பச்சை நெற்றியிலும் கன்னத்திலும் கிட்டத்தட்ட அசையவில்லை, நிழலிலும் சட்டையிலும்தான் இறங்குகிறது. சிவப்பு கன்னத்திலும் நெற்றியிலும் ஏறுகிறது, நிழலில் கொஞ்சம் இறங்குகிறது. மேடையில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைவெளி அதிகம் என்று பொருள். மஞ்சள் ஃபில்டர் ஏன் தோற்கும் என்பது இந்த நான்கு வரியிலேயே இருக்கிறது.

கர்வ்ஸில் எண்களைப் போடுவது

முகத்தின் லேயருக்கு மேலே ஒரு Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயர் சேருங்கள். `Alt` அழுத்திக்கொண்டு இரண்டு லேயருக்கும் நடுவிலுள்ள கோட்டில் கிளிக் செய்தால் அது முகத்தோடு மட்டும் கட்டப்படும். இதை மறந்தால் படம் முழுவதும் மஞ்சளாகும், உடனே தெரிந்துவிடும்.

பட்டியலில் RGB என்று இருப்பதை Blue ஆக்குங்கள். நீலத்தில் தொடங்குவது என் பழக்கம், ஏனென்றால் பெரிய மாற்றம் அங்கேதான். கோட்டின் நடுவில் எங்காவது ஒரு கிளிக் செய்தால் புள்ளி ஒன்று வரும். கீழே Input, Output என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். Input-இல் காலை எண், Output-இல் மேடை எண். கன்னத்துக்கு 104, 72. அடுத்த புள்ளி நெற்றிக்கு, 158, 122. அடுத்தது நிழலுக்கு, 58, 27. முகம் இப்போது பச்சையும் மஞ்சளுமாக அசிங்கமாக இருக்கும். பயப்பட வேண்டாம், மற்ற இரண்டு வண்ணமும் இன்னும் வரவில்லை.

Red-க்கு மாறி 84 → 78, 158 → 181, 205 → 226. Green-இல் 62 → 44, 119 → 117, 172 → 170. ஒன்பது புள்ளியும் போட்டு முடிந்ததும் முகம் சட்டென்று மேடைக்குள் வந்து நிற்கும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அந்த நொடி பிடிக்கும்.

ஆனால் உற்றுப் பாருங்கள். நெற்றியில் விபூதி பளிச்சென்று வெள்ளையாக, லேசாக நீலம் கலந்து நிற்கிறது. காதோர நரையும் அப்படியே. தோல் மஞ்சள் வெளிச்சத்தில் இருக்க, விபூதி மட்டும் காலை வெளிச்சத்திலேயே நின்றுவிட்டது. காரணம் கோட்டின் மேல் முனை. நெற்றிப் புள்ளிக்குப் பிறகு நீலக் கோடு 122-இலிருந்து 255 வரை செங்குத்தாக ஏறுகிறது. ஆகவே தோலைவிட வெளிச்சமான எதுவும் திருத்தத்திலிருந்து தப்பித்துவிடுகிறது. சட்டை எண் எடுத்தது இதற்காகத்தான். சட்டையின் நீலம் 243-இலிருந்து 190 ஆக வேண்டும். நீலக் கோட்டின் மேல் வலது முனையைப் பிடித்து, Input 255, Output 200 என்று இறக்கினால் 243 ஏறக்குறைய 190-இல் வந்து விழும். பச்சையில் அதே முனையை 232-க்கு இறக்கினேன், 240 என்பது 221 ஆனது. சிவப்பு முனையைத் தொடத் தேவைப்படவில்லை. விபூதி உடனே மேடை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

கீழ் முனையையும் ஒரு பார்வை பாருங்கள். மேடையில் புகை போட்டிருந்தால் கருப்பு முடிகூடச் சாம்பலாக வெளுத்திருக்கும். அப்போது கீழ் இடது முனையைச் சற்று மேலே தூக்க வேண்டும். என் படத்தில் புகை இல்லை, விட்டுவிட்டேன்.

ஒரு கோட்டில் மூன்று புள்ளி, மிஞ்சிப்போனால் நான்கு. அதற்கு மேல் போட்டால் கோடு நெளியும். நெளிந்தால் தோலில் திட்டுத்திட்டாகப் படிகள் தெரியும். கோடு எங்கேயாவது படுத்தபடி போனாலோ மேலே ஏறிவிட்டுக் கீழே இறங்கினாலோ, ஏதோ ஒரு புள்ளியைத் தப்பான இடத்தில் அளந்திருக்கிறீர்கள். கோட்டை இழுத்துச் சமாளிக்காமல் மறுபடி அளந்துவிடுங்கள்.

கண்ணால் சரிபார்ப்பது

எண்கள் முக்கால் பங்கு வேலையைச் செய்யும். மீதிக்குக் கண் வேண்டும், ஆனால் வண்ணப் படத்தைப் பார்க்கும் கண் நம்மை ஏமாற்றும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் எந்த நிறமும் சரியாகத்தான் தோன்றும். அதனால் வண்ணத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். `Ctrl + 3` அழுத்தினால் சிவப்பு மட்டும் கருப்பு வெள்ளையாகத் தெரியும். `Ctrl + 4` பச்சை, `Ctrl + 5` நீலம், `Ctrl + 2` பழையபடி முழு வண்ணம். ஒவ்வொன்றிலும் முகமும் கழுத்தும் சேரும் இடத்தைப் பாருங்கள். நீலத்தில் மட்டும் முகம் கழுத்தைவிட வெளுத்துத் தெரிந்தால், நீலக் கோட்டின் நடுப்புள்ளியை இரண்டு மூன்று எண் இறக்குங்கள். எந்த வண்ணத்தைத் தொட வேண்டும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை; எங்கே ஒட்டு தெரிகிறதோ அங்கேதான் பிழை.

இன்னொரு சோதனை: எல்லா லேயருக்கும் மேலே ஒரு Hue/Saturation லேயர் வைத்து Saturation-ஐ +60 ஆக்குங்கள். முகங்கள் எல்லாம் பழுத்த மாம்பழம் போலாகும். அதில் ஒட்டிய முகம் மட்டும் ரோஜா நிறமாகவோ பச்சையாகவோ தனித்து நின்றால் இன்னும் வேலை இருக்கிறது. ரோஜா நிறம் என்றால் பச்சைக் கோட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பச்சை அடித்தால் அதையே இறக்குங்கள். மஞ்சள் பூசியது போல இருந்தால் நீலம் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. சாம்பல் பூத்து உயிரில்லாமல் இருந்தால் பெரும்பாலும் சிவப்பு போதவில்லை. பார்த்து முடித்ததும் அந்த லேயரை நீக்க மறக்காதீர்கள். ஒரு முறை மறந்து பிரிண்டுக்கு அனுப்பியவன் சொல்கிறேன்.

ஒரே கர்வ்ஸ் போதாதபோது

சித்தப்பாவின் வலது காதோரம் ஒரு சிக்கல் இருந்தது. மேடைக்குப் பின்னால் ஊதா நிற எல்இடி. அதன் வெளிச்சம் அந்தப் பக்கக் காதிலும் தாடை விளிம்பிலும் மெல்லிய கோடாக விழுந்திருந்தது. காலைப் படத்தில் அப்படி ஒன்று இல்லை. மூன்று புள்ளிக் கணக்கு இதைச் செய்யாது, ஏனென்றால் அது முகம் முழுவதற்கும் ஒரே விளக்கு என்று எண்ணிக்கொள்கிறது.

இதற்கு இரண்டாவதாக ஒரு Curves லேயர். அதில் நீலத்தின் நடுவைத் தூக்கி, பச்சையின் நடுவைச் சற்று இறக்கி, விளிம்பில் தெரியும் ஊதாவுக்குக் கொண்டுவந்தேன். லேயர் மாஸ்க்கை `Ctrl + I` கொடுத்துக் கருப்பாக்கிவிட்டு, மென்மையான வெள்ளை பிரஷ்ஷை 20 சதவீத ஓட்டத்தில் வைத்து, காதோரத்தில் மட்டும் நாலைந்து தடவை தடவினேன். எவ்வளவு தடவ வேண்டும் என்பதற்குக் கீழேயிருக்கும் பழைய முகமே வழிகாட்டி. லேயரை ஏற்றி அணைத்துப் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

கர்வ்ஸால் முடியாதவையும் உண்டு. காலைப் படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தும் மேடையில் வலப்பக்கத்திலிருந்தும் வந்தால், மூக்கின் நிழல் எதிர்ப்பக்கம் விழுந்திருக்கும். நிறம் எவ்வளவு பொருந்தினாலும் பார்ப்பவருக்கு ஏதோ இடிக்கும். அப்படிப்பட்ட முகத்தை எடுத்துக்கொண்டு போராடுவதைவிட வேறு ஃபிரேம் தேடுவது மேல். சில சமயம் முகத்தை இடவலமாகத் திருப்பினால் வெளிச்சம் பொருந்தும், ஆனால் மச்சம் இடம் மாறிவிடும். வீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது மச்சத்தைத்தான்.

எதிர்த்திசை வேலை இன்னும் கடினம். மேடை முகத்தை எடுத்துக் காலைப் படத்தில் ஒட்டச் சொன்னால் நிழலில் நீலம் 27-இலிருந்து 58-க்கு ஏற வேண்டும், இரண்டு மடங்குக்கும் மேல். மஞ்சள் விளக்கில் நீல வண்ணத்தில் தகவலே குறைவு. அதை இழுத்துத் தூக்கினால் புள்ளிப்புள்ளியாக இரைச்சலும் ஜேபெக் கட்டங்களும் மேலே வந்துவிடும். `Ctrl + 5` அழுத்திப் பார்த்தால் அப்பட்டமாகத் தெரியும். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் குளிர்ந்த வெளிச்சத்து முகத்தைச் சூடான படத்துக்குக் கொண்டுபோங்கள்.

சித்தப்பா விஷயத்தில் அதற்கு மறுபக்கம் நடந்தது. ஒட்டிய முகம் மற்ற முகங்களைவிட வழவழப்பாகத் தெரிந்தது. மேடைப் படம் அதிக ஐஎஸ்ஓவில் எடுத்தது, எல்லார் முகத்திலும் மணல் போல ஒரு சொரசொரப்பு. முகத்தின் லேயரில் Add Noise, 2 சதவீதம், Gaussian, Monochromatic கொடுத்ததும் ஒன்றாகக் கலந்துவிட்டது. அதன் பிறகுதான் மாஸ்க்கின் ஓரத்தை ஒழுங்காக வெட்டினேன்: மேலே முடியோரம், பக்கத்தில் காதின் மடிப்பு, கீழே தாடை நிழல். கன்னத்தின் நடுவில் ஒட்டு வராதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, அந்த Curves லேயருக்கு "காலை வாசல் - மேடை" என்று பெயர் வைத்துவிட்டேன். அதே ஆல்பத்தில் அத்தை ஒருவரும் கண் மூடியிருந்தார், அவர் முகமும் அதே வாசல் படத்தில்தான் நன்றாக இருந்தது. லேயரை இழுத்து அந்தப் படத்தில் போட்டு அவர் முகத்தோடு கட்டினேன். அவர் மேடையின் ஓரத்தில் நின்றதால் விளக்கு கொஞ்சம் குறைவு. மூன்று கோட்டிலும் நெற்றிப் புள்ளியை ஆறேழு எண் இறக்க வேண்டியிருந்தது. மற்றபடி சித்தப்பாவுக்குப் போட்ட எண்களே அவருக்கும் பொருந்தின.